திங்கட்கிழமைப் பட்டியலில் தாலாட்டு ஏன் வருகிறது? ஸ்பாட்டிஃபை பரிந்துரைகளைப் புரிந்துகொண்டு திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் இருக்கும் என் அக்கா கேட்பது இரண்டே வகைதான்: எழுபதுகளின் திரைப்பாடல்கள், வயலின் கச்சேரிகள். சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஸ்பாட்டிஃபை வாரந்தோறும் அவளுக்கென்று தொகுத்துத் தரும் டிஸ்கவர் வீக்லி பட்டியலின் முப்பது பாடல்களில் பதினொன்று குழந்தைப் பாடல்கள், ஆறு பக்திப் பாடல்கள், இரண்டு வெறும் மழைச் சத்தம். வயலின் ஒன்றே ஒன்று. "தம்பி, இதற்கு என்னைத் தெரியவே தெரியாது போலிருக்கிறது" என்றாள்.

அவளை அதற்குத் தெரியாதுதான். அதற்குத் தெரிந்தது அந்தக் கைப்பேசியை. மருமகனுக்கு மூன்று வயது. தாலாட்டு ஓடினால்தான் தூங்குவான். மாமாவுக்கு மழைச் சத்தம் ஓட வேண்டும். அக்காவின் மாமியாருக்கு விடியற்காலையில் பக்திப் பாடல். நான்கு பேரும் ஒரே கணக்கில். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பட்டியல் சரியாகத்தான் வந்திருந்தது.

அதைத் திருத்த எங்களுக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. என்ன செய்தோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஆனால் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதற்கு முன்னால், இந்தச் செயலி எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் தவறான பொத்தானைத்தான் அழுத்துவோம்.

செயலி எதைக் குறித்துக்கொள்கிறது

ஒவ்வொரு முறை ஒரு பாட்டு ஓடி நிற்கும்போதும் ஒரு வரி பதிவாகிறது. நம் கணக்கின் முழுப் பதிவையும் நாமே கேட்டு வாங்கலாம்; எப்படி என்று பின்னால் வருகிறது. அதில் ஒரு பதிவின் முக்கியப் பகுதி இப்படி இருக்கும்:

```json
{
  "ts": "2024-03-11T16:42:10Z",
  "ms_played": 4180,
  "reason_start": "trackdone",
  "reason_end": "fwdbtn",
  "shuffle": false,
  "incognito_mode": false
}
```

இதைத் தமிழில் படித்துப் பார்ப்போம். முந்தைய பாட்டு முடிந்ததால் இந்தப் பாட்டு தானாகத் தொடங்கியது. 4,180 மில்லி நொடி, அதாவது நான்கு நொடிக்குச் சற்று மேல் ஓடியது. அதற்குள் யாரோ அடுத்த பாட்டுக்குத் தாண்டும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது; ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் ஊரில் இரவு 10.12.

இந்த வரியில் "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ரசனையை யாரும் கேட்கவில்லை, நடத்தையிலிருந்து ஊகிக்கிறார்கள். ஊகத்துக்கு ஓர் எல்லைக்கோடு தேவை. ஸ்பாட்டிஃபையில் அது பெரும்பாலும் முப்பது நொடி. ஒரு பாட்டு முப்பது நொடி ஓடினால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் ஏறுகிறது. முகப்புப் பக்கத்தில் எந்தப் பட்டியலை யாருக்குக் காட்டுவது என்பது பற்றி அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரையிலும், காட்டிய பட்டியலிலிருந்து முப்பது நொடியாவது கேட்டால் வெற்றி என்றே வைத்துக்கொண்டார்கள்.

இதிலிருந்து ஒரு விபரீதம் பிறக்கிறது. நீங்கள் ரசித்துக் கேட்ட வயலின் ஆலாபனைக்கும், நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது ஓடிய மழைச் சத்தத்துக்கும் பதிவில் வேறுபாடு இல்லை. சொல்லப்போனால் மழைக்குத்தான் மதிப்பு கூடுதல். விழித்திருப்பவர் எதையாவது தாண்டுவார். தூங்குபவர் எதையும் தாண்டுவதில்லை.

எல்லாச் சைகைகளுக்கும் ஒரே எடை இல்லை. ஒரு பாட்டைத் தேடிப் போய் ஒலிக்க வைப்பது, கூட்டல் குறியை அழுத்திச் சேமிப்பது, சொந்தப் பட்டியலில் சேர்ப்பது ஆகியவை கனமானவை. தானாக ஓடியதை நிறுத்தாமல் விட்டது லேசானது. ஆனால் லேசானது இரவு முழுக்க, ஆண்டு முழுக்கச் சேரும்போது கனமானதைக் கவிழ்த்துவிடும். அக்காவின் கணக்கில் நடந்தது அதுதான்.

பதிவு பரிந்துரையாக மாறும் விதம்

ஆயிரம் பேர் தங்கள் கையால் பட்டியல் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாட்டும் எந்தப் பாட்டும் ஒரே பட்டியலில் அக்கம்பக்கமாக வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் இந்தக் கலையின் அடித்தளம். பாட்டைக் கேட்கவே வேண்டியதில்லை. ராகம், தாளம், மொழி எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கணக்குக்காகச் சில எண்களைக் கற்பனை செய்வோம். உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டு 100 பட்டியல்களில் இருக்கிறது. அவற்றில் 60இல் இந்த மாதத்தின் பெரிய வெற்றிப் பாட்டும் இருக்கிறது. 12இல் அதிகம் பேர் அறியாத இன்னொரு பழைய பாட்டு இருக்கிறது. எது நெருக்கம்? 60 பெரிதாகத் தோன்றும். ஆனால் வெற்றிப் பாட்டு எல்லாருடைய பட்டியலிலும்தான் இருக்கிறது. அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அறியப்படாத பாட்டோ ஒட்டுமொத்தமாகவே 20 பட்டியல்களில்தான் இருக்கிறது. அந்த 20இல் 12 உங்கள் பாட்டோடு சேர்ந்து இருக்கின்றன. அதுதான் உண்மையான உறவு. நல்ல பரிந்துரை முறை இப்படிப் பிரபலத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கும். முழுக்கக் கழிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

கோடிக்கணக்கான பட்டியல்களையும் கேட்புப் பதிவுகளையும் இப்படி அரைத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நீண்ட எண் வரிசையைத் தருகிறார்கள். கதவு எண் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். சேர்ந்து கேட்கப்படும் பாடல்கள் ஒரே தெருவில் குடியிருக்கும். உங்களுக்கும் அதே ஊரில் ஒரு முகவரி உண்டு. நீங்கள் கேட்ட பாடல்கள் எங்கெங்கே இருக்கின்றனவோ அதைப் பொறுத்து அது அமைகிறது. உங்கள் வாசலுக்கு அருகில் இருக்கும், நீங்கள் இன்னும் கேட்காத பாட்டுதான் பரிந்துரை.

இந்த முறைக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நேற்று வெளியான, யாரும் இன்னும் கேட்காத பாட்டுக்கு முகவரியே கிடையாது. இதைச் சரிக்கட்ட ஒலியையே ஆராய்கிறார்கள். 2014இல் ஸ்பாட்டிஃபையில் பயிற்சிக்காலத்தில் இருந்த சாண்டர் டீல்மன் என்ற ஆய்வு மாணவர், பாட்டின் மூன்று நொடித் துண்டுகளை மட்டும் பார்த்து அதன் முகவரியை ஊகிக்கும் முறை ஒன்றைச் செய்துகாட்டினார். அதே ஆண்டு மார்ச்சில் அந்த நிறுவனம் வாங்கிய எக்கோ நெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம், ஒலியை அளப்பதோடு பாடகர்களைப் பற்றி இணையத்தில் மக்கள் என்னென்ன சொற்களால் எழுதுகிறார்கள் என்பதையும் திரட்டி வந்தது. இவை எல்லாம் சேர்ந்ததன் பலனாகத்தான் 2015 ஜூலையில் டிஸ்கவர் வீக்லி வந்தது.

அந்தப் பட்டியலின் பிறப்பில் எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. நீங்கள் கேட்டே இராத பாடல்களை மட்டும் தருவதுதான் திட்டம். ஆனால் உள்ளே சோதனை நடந்தபோது நிரலில் இருந்த ஒரு பிழையால், ஏற்கெனவே கேட்ட பாடல்களும் இடையிடையே நுழைந்துகொண்டிருந்தன. பிழையைத் திருத்தினார்கள். உடனே பட்டியலைக் கேட்பது குறைந்துவிட்டது. தெரிந்த முகம் ஒன்று கூட்டத்தில் இருந்தால்தான் தெரியாதவர்களோடு பேச நமக்குத் துணிச்சல் வருகிறது போலும். ஆகையால் புதியதைத் தேடிப் போகும் பட்டியலில் பழையது எட்டிப் பார்த்தால் அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

இறுதியாக ஒன்று. எப்போதும் மிக அருகில் இருப்பதையே தந்துகொண்டிருந்தால் செயலி உங்களைப் பற்றிப் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. அதனால் அவ்வப்போது சற்றுத் தள்ளி இருக்கும் ஒன்றை வேண்டுமென்றே நீட்டி, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறது. "இது ஏன் எனக்கு வந்தது?" என்று தோன்றும் ஒன்றிரண்டு பாடல்கள் இப்படிப்பட்ட தூண்டில்கள்தான். சட்டென்று தாண்டினால் போதும்; சண்டை பிடிக்கத் தேவையில்லை.

முதல் படி: நோயைக் கண்டுபிடிப்பது

மிக எளிய எக்ஸ்ரே, டெய்லி மிக்ஸ் பட்டியல்கள். `Daily Mix 1`, `Daily Mix 2` என்று ஆறு வரை இருக்கும். உங்கள் கேட்புகளைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, கொத்துக்கு ஒரு பட்டியல் என்று செயலி தருகிறது. ஆறையும் திறந்து, ஒவ்வொன்றும் யாருடையது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அக்காவின் ஆறில் இரண்டு மருமகனுடையவை, ஒன்று மாமியாருடையது, ஒன்று மாமாவுடையது. ஐந்தாவது பழைய திரைப்பாடல்கள். ஆறாவது எல்லாம் கலந்த குழம்பு. வயலினுக்குத் தனிக் கொத்தே இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்குப் பதிவுகளை வாங்குங்கள். கணினியில் உலாவி வழியாக உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய், `Account privacy` பகுதியில் `Extended streaming history` என்பதைத் தேர்ந்தெடுத்துக் கோரிக்கை அனுப்ப வேண்டும். உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும். அதை அழுத்தாமல் விட்டால் கோரிக்கை நகராது. கோப்பு வந்து சேர முப்பது நாள் வரை ஆகலாம். ஆகவே இதை இன்றே அனுப்பிவிட்டு மற்ற படிகளைத் தொடருங்கள்.

வந்த கோப்புகள் இருக்கும் இடத்திலிருந்து இந்தச் சிறு பைத்தான் நிரலை ஓட்டினால், யாருடைய பாடல்கள் எத்தனை மணி நேரம் ஓடின, எத்தனை முறை முப்பது நொடிக்குள் நின்றன என்று தெரியும்:

```python
import json, glob
from collections import Counter

secs, short = Counter(), Counter()
for f in glob.glob("Streaming_History_Audio_*.json"):
    for r in json.load(open(f, encoding="utf-8")):
        a = r["master_metadata_album_artist_name"]
        if not a:
            continue
        secs[a] += r["ms_played"] / 1000
        if r["ms_played"] < 30000:
            short[a] += 1

for a, s in secs.most_common(20):
    print(a, round(s / 3600), short[a])
```

அக்காவின் கணக்கில் வந்த எண்கள்: மழைச் சத்தத் தொகுப்பு ஒன்று 340 மணி நேரம், தாலாட்டுத் தொகுப்பு 212, பக்திப் பாடல்கள் 180 அளவில். அவளுடைய பழைய திரைப்பாடல்களில் முதலிடத்தில் இருந்த இசையமைப்பாளர் 63. வயலின் மொத்தமும் சேர்த்து 41. "நான் தினமும் கேட்கிறேனே" என்றாள். தினமும்தான் கேட்டாள், ஏழெட்டு நிமிடம். மாமாவின் மழை ஒரே இரவில் ஏழு மணி நேரம் பெய்தது.

நம் பாடல்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த நிரல் எண்ணுவது ஆல்பத்தின் பெயரில் இருப்பவரை. திரைப்படப் பாடல்களில் அது பெரும்பாலும் இசையமைப்பாளராக இருக்கும். குறிப்பிட்ட ஒரு பாடகியின் குரலுக்காகவே நீங்கள் கேட்டிருந்தாலும், அவர் பெயர் இந்தக் கணக்கில் வராமல் போகலாம். "எனக்குப் பிடித்தவர் பட்டியலிலேயே இல்லையே" என்று திகைக்காதீர்கள்.

இரண்டாம் படி: கழிப்பது

பரிந்துரைகளைத் திருத்த வேண்டும் என்றதும் எல்லாரும் முதலில் செய்வது, பிடிக்காத பாடகரைத் தடுப்பது. நாங்களும் அதைத்தான் முதலில் நினைத்தோம். கூடாது. குழந்தைப் பாடல் பாடும் ஒருவரைத் தடுத்தால் அதே தெருவில் இருக்கும் இன்னொருவர் வருவார். உங்கள் முகவரி மாறவில்லை அல்லவா? மேலும் தமிழ்த் திரைப்பாடல்களில் ஒரே பாட்டின் கீழ் இசையமைப்பாளர், பாடகர், பாடகி என்று மூன்று நான்கு பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பாடகரைத் தடுக்கப் போய், வேறு எந்தெந்தப் பாடல்கள் காணாமல் போயின என்று பின்னால் தேட வேண்டியிருக்கும். தடுப்பைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரியான கருவி வேறு. மருமகனின் பாடல்களை எல்லாம் ஒரே பட்டியலாகத் தொகுத்தோம். பிறகு அந்தப் பட்டியலின் மூன்று புள்ளிப் பட்டியை அழுத்தி `Exclude from your taste profile` என்பதைத் தேர்ந்தெடுத்தோம். 2023இல் வந்த வசதி இது. இதைச் செய்தபின் அந்தப் பட்டியலிலிருந்து ஓடுபவை பரிந்துரையைப் பாதிப்பது குறையும். மழைக்கும் பக்திப் பாடல்களுக்கும் இதையே செய்தோம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் தவறுவது இதில்தான். விலக்கு கிடைப்பது அந்தப் பட்டியலிலிருந்து ஓட்டும்போது மட்டும். அதே தாலாட்டைத் தேடல் பெட்டியில் தட்டச்சிட்டு ஓட்டினால், அது வழக்கம்போல் கணக்கில் ஏறும். தேடிப் போய் ஓட்டியது என்பதால் இன்னும் அழுத்தமாகவே ஏறும். ஆகவே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி, அந்த மூன்று பட்டியல்களையும் செயலியின் நூலகத்தில் மேலே பொருத்தி வைத்தோம். மாமியாருக்குப் புரிய வேண்டும் என்று அவருடைய பட்டியலுக்கு ஒரு விளக்கின் படத்தை அட்டையாக வைத்தாள் அக்கா.

ஒரு நாள் மட்டும் விருந்தினர் வந்து தங்கள் விருப்பத்துக்கு ஓட்டப்போகிறார்கள் என்றால், `Settings` உள்ளே இருக்கும் `Private session` போதும். அது ஓடும் நேரத்தில் கேட்பவற்றைப் பரிந்துரைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அது தானாகவே அணைந்துவிடும். தினசரித் தாலாட்டுக்கு அதை நம்ப முடியாது. அது உண்மையிலேயே இயங்கியதா என்று பார்க்க மேலே காட்டிய பதிவில் `incognito_mode` என்ற இடம் `true` என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் விடச் சுத்தமான வழி, ஆளுக்கொரு கணக்கு. கட்டணமில்லாக் கணக்கே மழைச் சத்தத்துக்குப் போதும் என்று நான் சொன்னேன். "நடு இரவில் மழைக்கு இடையே விளம்பரம் கத்தினால் குழந்தை எழுந்துவிடுவான்" என்றாள் அக்கா. நியாயம்தான். கடைசியில் மழைச் சத்தத்தைக் கைப்பேசியிலேயே ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லி மாமாவின் 340 மணி நேரத்தை ஸ்பாட்டிஃபையிலிருந்தே அகற்றினோம். மொத்தத் திருத்தத்தில் மிகப் பலன் தந்தது இந்த ஒரு காரியம்தான்.

மூன்றாம் படி: சேர்ப்பது

கழித்தால் மட்டும் போதாது. 41 மணி நேர வயலினை வைத்துக்கொண்டு செயலியால் கொத்து அமைக்க முடியவில்லை. அதற்குச் சான்று வேண்டும்.

முப்பது பாடல் கொண்ட ஒரு பட்டியலை உங்கள் கையால் போடுங்கள். இதில் எந்தப் பாட்டைச் சேர்க்கிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம். ஊரறிந்த பாடல்களாக முப்பது போட்டால், முன்பு பார்த்த 60 கணக்குதான்: அவை எல்லாருடைய பட்டியலிலும் இருப்பதால் உங்களைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது. முப்பதும் யாருமே கேட்காதவையாக இருந்தால், அவற்றோடு சேர்ந்து வரும் பாடல்களைப் பற்றிச் செயலியிடம் தகவலே இருக்காது. அக்காவின் பட்டியலில் பத்து தெரிந்த வித்வான்களின் பிரபலமான பதிவுகள், பதினைந்து அதே வித்வான்களின் அதிகம் கேட்கப்படாத பதிவுகள், ஐந்து மட்டும் அவள் அரிதாகக் கண்டெடுத்தவை.

வயலின் பட்டியலில் திரைப்பாடலைக் கலக்காதீர்கள். ஒரு பட்டியலில் இருப்பவை அக்கம்பக்கத்து வீடுகள் என்றுதான் செயலி படிக்கிறது. உங்கள் மனநிலைக்குப் பொருந்தியதால் கலந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது.

பிறகு அந்தப் பட்டியலை விழித்திருக்கும்போது கேளுங்கள். கச்சேரிப் பதிவுகளுக்கு இங்கே ஓர் அநீதி இருக்கிறது. நாற்பது நிமிடப் பதிவு ஒன்றை முழுதாகக் கேட்டாலும் அது ஒரு கேட்பு. மூன்று நிமிடத் தாலாட்டு அதே நேரத்தில் பதின்மூன்று கேட்பு. அதனால் சிறிய பதிவுகள் கிடைக்கும் இடங்களில் அவற்றைச் சேர்ப்பது நல்லது: பத்து நிமிடக் கிருதி, ஐந்து நிமிடத் தில்லானா. பிடித்ததைக் கூட்டல் குறியிட்டுச் சேமியுங்கள். பிடிக்காதது வந்தால் முப்பது நொடிக்கு முன்பே தாண்டுங்கள். "பாவம், கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம்" என்று ஒரு நிமிடம் காத்திருந்தால் அது ஆதரவு வாக்காகிவிடும்.

நான்காம் படி: தானாக ஓடுவதை அடக்குவது

உங்கள் பட்டியல் முடிந்தபின் அதுபோன்ற பாடல்களைச் செயலி தானே தொடர்ந்து ஓட்டும். அமைப்புகளில் `Autoplay` என்று இருக்கும். திருத்தம் நடக்கும் ஒன்றரை மாதமும் அதை அணைத்து வைத்தோம். காரணம் எளிது. அது தேர்ந்தெடுத்ததை நீங்கள் சமையல் வேலையில் நிறுத்தாமல் விட்டால், தன் ஊகம் சரி என்று அது எடுத்துக்கொள்ளும். அடுத்த ஊகம் அதன் மேல் எழும். தான் சொன்னதையே தனக்குச் சான்றாக்கிக்கொள்ளும் சுழல் இது. உங்கள் பட்டியலுக்குள் தன் பாடல்களைச் சொருகும் `Smart Shuffle` விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான்.

தானாக ஓடும் இடங்களில் இன்னொரு விஷயமும் கலந்திருக்கிறது. 2020இல் அறிமுகமான டிஸ்கவரி மோட் என்ற ஏற்பாட்டில், பாடகர்களோ அவர்களுடைய நிறுவனமோ குறைந்த உரிமைத்தொகைக்கு ஒப்புக்கொண்டால், அவர்கள் குறிப்பிடும் பாடல்களுக்குச் செயலிக்குள் இருக்கும் வானொலி, தானோட்டம் போன்ற இடங்களில் வாய்ப்பு கூடும். இதை நம் பக்கத்திலிருந்து அணைக்க வழியில்லை. தானோட்டத்தில் வந்ததை "என் ரசனைக்காக வந்தது" என்று முழுதாக நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: காத்திருந்து அளப்பது

டிஸ்கவர் வீக்லி திங்கட்கிழமைதான் புதுப்பிக்கப்படும். செவ்வாயன்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் புதனன்று பட்டியலைப் பார்த்து ஏமாறாதீர்கள். டெய்லி மிக்ஸ் அதைவிட விரைவாக அசையும்; முதல் மாற்றத்தை அங்கே தேடுங்கள். அக்கா ஒவ்வொரு திங்களும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு எண்களை எழுதினாள்: குழந்தை, பக்தி, மழை, தன்னுடையது. அந்தக் கணக்கு இப்படிப் போயிற்று.

தொடக்கத்தில் 11, 6, 2, மீதி 11 அவளுடையது. முதல் திங்களில் மழை மறைந்தது, மற்றவை அப்படியே. இரண்டாம் திங்களில் குழந்தைப் பாடல் 7 ஆனது. மூன்றாம் திங்களில் 3. வயலின் முதன்முதலாக நான்கு வந்தது. அவற்றில் ஒன்று அவள் கேள்விப்பட்டே இராத ஒரு பெண் வித்வானுடையது. அன்று மாலை எனக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பதிவை முழுதும் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே போட்டுக் காட்டினாள்.

நான்காம் திங்களில் குழந்தைப் பாடல் மீண்டும் 8.

இப்படி எண் திடீரென்று பின்னோக்கிப் போனால், வாசலில் எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று பொருள். செயலியிலேயே அண்மையில் ஓடியவற்றின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் முந்தைய வாரத்தின் பிற்பகல்களில் தாலாட்டுத் தொகுப்பு நேரடியாக ஓடியிருந்தது. விலக்கிய பட்டியலிலிருந்து அல்ல. பிற்பகலில் அக்கா கல்லூரியில் இருப்பாள், கைப்பேசியும் அவளுடன்தான் இருக்கும்.

யார் ஓட்டினார்கள் என்று புரியாமல் இரண்டு நாள் சுற்றினோம். அதற்குள் நாங்கள் கேட்டிருந்த முழுப் பதிவு வந்து சேர்ந்தது. அந்த வாரம் அதில் அடங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் `platform` என்று ஓர் இடம் உண்டு, எந்தக் கருவியில் ஓடியது என்று அது சொல்லும். பழைய தாலாட்டு வரிகளில் பாதிக்கு மேல் அக்காவின் கைப்பேசியே இல்லை, ஒரு டேப்லெட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கி, அவள் கணக்கில் திறந்து, மாமியாரின் அறையில் போட்டு மறந்துவிட்ட டேப்லெட். விடுமுறைக்கு அலமாரியிலிருந்து வெளியே வந்து, மறுபடியும் பேரனுக்குத் துணையாகியிருந்தது.

கணக்குப் பக்கத்தில் `Sign out everywhere` என்பதை அழுத்தி எல்லாக் கருவிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வெளியேறினோம். அக்கா தன் கைப்பேசியில் மட்டும் மீண்டும் நுழைந்தாள். டேப்லெட்டுக்குத் தனியாக ஒரு கட்டணமில்லாக் கணக்கு. பகலில் விளம்பரம் வந்தால் மருமகன் அதையும் சேர்த்துப் பாடிக்கொள்கிறான்.